ஃபீல்டு கணக்குல விடை தப்பா வருதா? அந்தத் தப்பு விடையே தப்பு எங்கன்னு சொல்லிடும்

பன்னெண்டாவது பிசிக்ஸ்ல முதல் பாடத்துலயே வர்ற கணக்கு இது. மூணு சார்ஜ் குடுத்துட்டு, இந்தப் புள்ளியில எலெக்ட்ரிக் ஃபீல்டு எவ்வளவு, எந்தப் பக்கம்னு கேப்பாங்க. ஃபார்முலா எல்லாருக்கும் மனப்பாடம், ஆனா பின்னாடி இருக்கற விடையோட ஒத்துப் போகாது, உடனே முதல்லேர்ந்து மறுபடி போடுவாங்க, மறுபடியும் அதே தப்பு விடை வரும், ஏன்னா தப்பு கூட்டல்ல இல்ல, கணக்கைப் போட்ட விதத்துல இருக்கு. டியூஷன் எடுக்க ஆரம்பிச்சு கொஞ்ச வருஷத்துலயே ஒண்ணு புரிஞ்சுது, பசங்க கொண்டு வர்ற தப்பு விடைங்க கண்டபடி வர்றதில்ல, அதே ஏழெட்டு விடைதான் திரும்பத் திரும்ப வருது. அதனால ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கிட்டு, எந்தத் தப்பு பண்ணா எந்த நம்பர் வரும்னு கீழ போட்டிருக்கேன். முதல்ல நீங்களே போட்டுப் பாத்துட்டு அப்புறம் உங்க விடையைத் தேடுங்க.

கணக்கு இதான். 4 செ.மீ. நீளம், 3 செ.மீ. உயரம் உள்ள ஒரு செவ்வகம். மூணு மூலையில சார்ஜ், நாலாவது மூலை காலி. அந்தக் காலி மூலையில ஃபீல்டு என்ன?

```
A (0, 0)   q = +2 nC
B (4, 0)   q = -5 nC
C (4, 3)   q = +1.6 nC
P (0, 3)   E = ?
```

இடமெல்லாம் செ.மீ.ல. k-க்கு 9×10⁹ போட்டுக்கலாம். இனிமே நம்பரை மட்டும் சொல்லி யூனிட்டை விட்டுட்டா அது நியூட்டன் பெர் கூலூம்னு எடுத்துக்கோங்க.

சரியா போட்டா எப்படி வரும்னு முதல்ல பாத்துருவோம். P-ல ஒரு குட்டி பாசிட்டிவ் சார்ஜை வெச்சா அது எந்தப் பக்கம் ஓடும்னு மட்டும் யோசிங்க. A பாசிட்டிவ், P-க்கு நேர் கீழ 3 செ.மீ.ல இருக்கு, அதனால மேல தள்ளும். C பாசிட்டிவ், P-க்கு நேர் வலது பக்கம் 4 செ.மீ.ல இருக்கு, இடது பக்கம் தள்ளும். B நெகட்டிவ், மூலைவிட்டத்துல 5 செ.மீ. தள்ளி வலது கீழ இருக்கு, அது தன் பக்கம் இழுக்கும், அதாவது வலதும் கீழயும். திசை மூணும் முடிஞ்சுது, இதுவரைக்கும் ஒரு நம்பர்கூட போடல, அதை கவனிங்க.

இப்ப அளவு. இங்க சார்ஜோட குறியை எடுத்துட்டு வெறும் அளவை மட்டும் போடணும், குறி என்ன சொல்லணுமோ அதைத் திசையில ஏற்கெனவே சொல்லியாச்சு.

```
E_A = 9e9 × 2e-9   / (0.03)²  = 20000   (மேல)
E_B = 9e9 × 5e-9   / (0.05)²  = 18000   (B-யை நோக்கி)
E_C = 9e9 × 1.6e-9 / (0.04)²  =  9000   (இடது)
```

A-யும் C-யும் நேரா அச்சு மேலயே இருக்கறதால பிரிக்க வேண்டியதில்ல. B-யை மட்டும் பிரிக்கணும். P-லேர்ந்து B-க்குப் போக 5 செ.மீ., அதுல 4 வலது, 3 கீழ. அப்ப 18,000-த்துல அஞ்சுல நாலு பங்கு, அதாவது 14,400 வலது பக்கம், அஞ்சுல மூணு பங்கு, அதாவது 10,800 கீழ.

```
Ex = 14400 - 9000  = 5400
Ey = 20000 - 10800 = 9200
E  = √(5400² + 9200²) ≈ 10668
கோணம் ≈ 59.6°  (வலது அச்சுலேர்ந்து மேல)
```

இதான் விடை. யாராவது 10,653 கொண்டு வந்தா பதற வேண்டாம், அவங்க k-க்கு 8.9876×10⁹ போட்டிருப்பாங்க, ரெண்டும் சரிதான். இப்ப தப்பு விடைங்களைப் பாப்போம்.

47,000 வந்திருக்கு, திசையே எழுதல

மூணு அளவையும் அப்படியே கூட்டிட்டீங்க, 20,000 + 18,000 + 9,000. இதைப் பத்தி நிறைய சொல்ல ஒண்ணுமில்ல, வெக்டர்னு தெரிஞ்சே அவசரத்துல பண்றது. ஆனா இந்த நம்பரை ஒரு வேலிக் கம்பி மாதிரி வெச்சுக்கலாம், மூணு அம்பும் ஒரே பக்கம் பாத்தா மட்டும்தான் 47,000 வரும், அதனால எப்படிப் போட்டாலும் உங்க விடை இதைத் தாண்டவே கூடாது. தாண்டுச்சுன்னா வெக்டர் கூட்டல் வரைக்கும்கூட போக வேண்டாம், தனித்தனி அளவுலயே ஏதோ தப்பு.

11,000 வந்திருக்கு, "கிட்டத்தட்ட சரிதான சார்?"

இதான் ரொம்ப ஆபத்தான தப்பு. சரியான விடை 10,668, இது 11,000, ரவுண்டு பண்ணதுல வந்த வித்தியாசம்னு நினைச்சு பசங்க டிக் போட்டுட்டுப் போயிடுவாங்க. உண்மையில நடந்தது என்னன்னா, ஃபார்முலால சார்ஜை குறியோட போட்டு 20,000 − 18,000 + 9,000-ன்னு சாதாரண நம்பர் மாதிரி கூட்டியிருக்காங்க. நம்பர் பக்கத்துல வந்தது சும்மா தற்செயல், B-யோட சார்ஜை −5-லேர்ந்து −10 ஆக்கிப் பாருங்க, இந்த முறையில −7,000 வரும், சரியா போட்டா 20,000-த்துக்கு கொஞ்சம் கம்மியா, வலது பக்கம் பாத்து வரும். ஒட்டவே ஒட்டாது.

கண்டுபிடிக்கறது சுலபம், இந்த விடைக்குக் கோணம் கேளுங்க. சொல்ல முடியாது. பொட்டன்ஷியலுக்கு இந்த மாதிரி குறியோட நேரா கூட்டலாம், அது ஸ்கேலார், அந்தப் பாடத்தையும் சேத்துப் படிச்சுட்டு வர்றப்பதான் இந்தக் குழப்பம் அதிகமா வருது. ஒரு தம்பி ஒருவாட்டி, பொட்டன்ஷியல்ல சரியா வருதே ஃபீல்டுல மட்டும் ஏன் வரலன்னு சண்டைக்கே வந்துட்டான். ரெண்டு பேர் ஒரு பெட்டியைத் தள்றாங்க, ஒருத்தர் கிழக்க, ஒருத்தர் வடக்க, பெட்டி எந்தப் பக்கம் போகும்னு கேட்டேன், வடகிழக்கன்னான், அப்ப ரெண்டு பேர் பலத்தையும் சும்மா கூட்டினா வடகிழக்கு எங்கேர்ந்து வரும்னு கேட்டதும் உக்காந்துட்டான்.

38,700 பக்கம் வந்திருக்கு, அம்பு இடது மேல பாக்குது

Ex = −23,400, Ey = 30,800 வந்திருக்கும் உங்களுக்கு. B-யோட அம்பு தலைகீழா போயிடுச்சு, அதான் விஷயம். ஆனா இந்த ஒரே விடைக்கு ரெண்டு வேற வேற காரணம் இருக்கு, மருந்தும் வேற வேற.

முதல் காரணம், B நெகட்டிவ்ங்கறதையே கவனிக்காம விட்டது. ரெண்டாவது காரணம்தான் நல்லா படிக்கற பசங்க பண்றது: படத்துல அம்பை B-யை நோக்கி சரியா வரைஞ்சுட்டு, அப்புறம் ஃபார்முலாலயும் −5 போட்டு, −18,000-ஐ அந்த அம்பு திசையில பிரிச்சுடுவாங்க. மைனஸை ரெண்டுவாட்டி எண்ணியாச்சு, ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு பாசிட்டிவ் சார்ஜ் மாதிரியே ஆயிடுச்சு. உங்க நோட்டுல படத்தைப் பாருங்க. B-யோட அம்பு B-யை விட்டு வெளிய போகுதுன்னா முதல் காரணம், B-யைப் பாத்து இருந்தும் விடை இப்படி வந்திருந்தா ரெண்டாவது.

இதுக்கு ஒரே வழி, ரெண்டு முறையில ஏதாவது ஒண்ணை மட்டும் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கணும். படம் போட்டு திசை பாக்கறவங்க ஃபார்முலால குறியே போடக்கூடாது. வெக்டர் ஃபார்முலால போடறவங்க குறியோட போட்டுட்டு, படத்தைப் பாத்து நடுவுல எதையும் திருப்பக்கூடாது. பாதி இது பாதி அதுன்னு போனா இப்படித்தான் ஆகும்.

5,880 வந்திருக்கு, கோணம் 72 டிகிரி

சைன், காஸ் மாறிடுச்சு. B-யை 10,800 வலது, 14,400 கீழன்னு பிரிச்சிருக்கீங்க. இதுல இருக்கற தொல்லை என்னன்னா வழக்கமா பண்ற சரிபாப்புல மாட்டாது, 10,800-ஐயும் 14,400-ஐயும் வர்க்கம் பண்ணிக் கூட்டினா மறுபடி 18,000 அழகா வந்துடும், அதனால பிரிச்சது சரின்னு நம்பிடுவோம்.

"கிடைமட்டம்னா காஸ், செங்குத்துன்னா சைன்"னு மனப்பாடம் பண்ணதுதான் இதுக்குக் காரணம். கோணத்தை எந்த அச்சுலேர்ந்து அளந்தோங்கறதைப் பொறுத்து அது மாறும், செங்குத்து பக்கத்துலேர்ந்து 53 டிகிரின்னு அளந்துட்டு அதுக்கு காஸ் போட்டு கிடைமட்டம்னு எழுதினா கதை முடிஞ்சுது. நான் கோணமே வேண்டாம்னுதான் சொல்லுவேன். இடம் எல்லாம் நம்பரா குடுத்திருக்கறப்ப வலது பக்கம் எவ்வளவு போகணும், கீழ எவ்வளவு போகணும், மொத்த தூரம் எவ்வளவுன்னு எடுத்து வகுத்தா போதும். இங்க B வலது பக்கம்தான் அதிகமா தள்ளி இருக்கு, நாலுக்கு மூணு, அதனால வலது கூறுதான் பெருசா வரணும், இந்த ஒரு பார்வையிலயே மாறினது தெரிஞ்சுடும்.

கோணம் 59.6 சரியா வந்திருக்கு, ஆனா அளவு பூஜ்யக் கணக்குல தப்பு

இது சந்தோஷப்பட வேண்டிய தப்பு, வெக்டர் வேலை முழுக்க சரி, யூனிட் மட்டும்தான் போச்சு. விடை 1.07 வந்தா செ.மீ.யை அப்படியே விட்டுட்டீங்க, பத்தாயிரம் மடங்கு கம்மி. விடை 107 பக்கம் வந்தா செ.மீ.யை மீட்டராக்கறப்ப 10⁻²-ஐ ஒருவாட்டிதான் போட்டீங்க, 3-ஐ வர்க்கம் பண்ணி 9 ஆக்கிட்டு 10⁻²-ஐ வர்க்கம் பண்ணாம விட்டது. விடை 10¹³ பக்கம் வந்தா நானோவை மறந்துட்டீங்க. மைக்ரோன்னு நினைச்சு 10⁻⁶ போட்டா ஒரு கோடி பக்கம் வரும், 1.07×10⁷. அதைப் பாத்ததும் சந்தேகம் வந்திருக்கணும், ஏன்னா காத்து சுமார் 3×10⁶-லயே உடைஞ்சு பொறி பறக்கும், அந்த ஃபீல்டு அங்க நிக்கவே நிக்காது.

கோணம் ஏன் சரியா வந்துது? மூணு சார்ஜுக்கும் ஒரே மடங்கு தப்பு நடந்ததால அம்பு மூணும் ஒரே விகிதத்துல சுருங்கிச்சு, படத்தை ஜெராக்ஸ்ல சின்னதாக்கின மாதிரி, வடிவம் மாறல. இதை மனசுல வெச்சுக்கோங்க, அடுத்த தப்பைப் பிடிக்க இதான் சாவி.

365 வந்திருக்கு, கோணமும் 9 டிகிரி சொச்சம்

அளவும் போச்சு, கோணமும் போச்சு, அப்ப ஒவ்வொரு சார்ஜுக்கும் வேற வேற மடங்குல தப்பு நடந்திருக்கணும். ஒவ்வொண்ணுக்கும் வேறயா இருக்கறது என்ன, தூரம். அதாவது r-ல கைவெச்சுட்டீங்க. r² போட வேண்டிய இடத்துல r போட்டா A 600, B 900, C 360-னு வரும், கிட்ட இருக்கற A-க்கு இருந்த பலமெல்லாம் போயி தூரத்துல இருக்கற B ராஜாவாயிடும், Ex 360, Ey 60, அம்பு கிட்டத்தட்ட வலது பக்கமே படுத்துடும்.

இதே நம்பர் கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதறவங்களுக்கும் வரும், ஆனா வேற வழியில. அவங்க யூனிட் வெக்டர் தனியா எடுக்காம dx, dy-யை நேரா பெருக்குவாங்க, அப்ப கீழ r² இல்ல, r³ வரணும். "கூலூம் விதியில r²-தான, ஏன் கியூப்"னு கேட்டு அதை ரெண்டாக்கி வெச்சவங்களை நான் பாத்திருக்கேன். மேல இருக்கற dx, dy-லயே ஒரு r அளவு நீளம் ஒளிஞ்சிருக்கு, அதை அடிக்கத்தான் கீழ ஒரு r கூடுதலா போடறோம். மொத்தத்துல r² தான்.

```
k = 9e9
q_list = [(0, 0, 2e-9), (0.04, 0, -5e-9), (0.04, 0.03, 1.6e-9)]
px, py = 0, 0.03
ex = ey = 0
for x, y, q in q_list:
    dx, dy = px - x, py - y
    r = (dx*dx + dy*dy) ** 0.5
    ex += k * q * dx / r**3
    ey += k * q * dy / r**3
print(ex, ey)
```

இதை ஓட்டினா 5400-ம் 9200-ம் வரும், கடைசி தசமத்துல கொஞ்சம் பிசிறு தட்டினா கண்டுக்காதீங்க. இங்க q-வை குறியோட போட்டிருக்கு பாருங்க, படம் பாத்து எதையும் திருப்பல.

அளவு 10,668 சரி, ஆனா அம்பு நேர் எதிர்ப் பக்கம்

px − x போட வேண்டிய இடத்துல x − px போட்டீங்க. வெக்டர் சார்ஜ்லேர்ந்து கிளம்பி P-க்கு வரணும், சேர்ற இடம் மைனஸ் கிளம்பின இடம், நீங்க P-லேர்ந்து கிளம்பிட்டீங்க. மூணுக்கும் ஒரே மாதிரி திரும்பினதால அளவு மாறல.

இதுல ஒரு குழி இருக்கு. Ex = −5400, Ey = −9200 வந்தாலும் கால்குலேட்டர்ல tan⁻¹ போட்டா அதே 59.6-தான் காட்டும், ஏன்னா வகுக்கறப்ப ரெண்டு மைனஸும் ஓடிடும். அளவும் சரி கோணமும் சரின்னு முழு மார்க் எதிர்பாத்துட்டு இருப்போம், உண்மையில கோணம் 239.6. இன்னொண்ணு, மேல சொன்ன 38,700 கேஸ்ல tan⁻¹ போட்டா −52.8-னு காட்டும், அது வலது கீழன்னு அர்த்தம், ஆனா கூறுங்க இடது மேல பாக்குது, 127.2-தான் சரி. கோணத்தை எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு கூறோட குறியையும் பாத்து எந்தக் கால்பகுதின்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் கால்குலேட்டரைத் தொடுங்க. புரோகிராம்ல இருந்தா atan2(ey, ex) போட்டுடுங்க, அது தானா பாத்துக்கும்.

எதிர்ப் பக்கம் வர இன்னொரு வழியும் இருக்கு. கேள்வியில "P-ல −2 நானோகூலூம் வெச்சா" அப்படின்னு ஒரு வரி கூட வரும், பசங்க அதையும் ஃபீல்டுக்குள்ள கொண்டு வந்துடுவாங்க. ஃபீல்டு அந்த இடத்தோட விஷயம், அங்க என்ன வெக்கப் போறோம்னு அதுக்குத் தெரியாது. முதல்ல 10,668-ஐ வலது மேலன்னே எழுதணும், அப்புறம் தனியா F = qE. ஃபோர்ஸ் 2×10⁻⁹ × 10,668, சுமார் 2.13×10⁻⁵ நியூட்டன், சார்ஜ் நெகட்டிவ்ங்கறதால இடது கீழ.

கால்குலேட்டர்ல மேத் எரர், இல்லன்னா புரோகிராம்ல ஜீரோ டிவிஷன் எரர்

P-ல வெச்ச சார்ஜையும் பட்டியல்ல சேத்துட்டீங்க, அதுக்கும் P-க்கும் தூரம் பூஜ்யம். ஒரு சார்ஜ் தன்னைத்தானே தள்ளாது, அதை விட்டுட்டு மத்ததுங்களை மட்டும் கூட்டணும். படம் வரையறதுக்கு கட்டம் கட்டமா ஃபீல்டு கணக்கு போடறவங்களுக்கு கட்டத்துல ஒரு புள்ளி சரியா சார்ஜ் மேலயே உக்காந்துடும், அந்தப் புள்ளியை மட்டும் தாண்டிப் போங்க.

ஃபீல்டு பூஜ்யமாகற இடம் கேட்டா ரெண்டு விடை வருது

இது மேல இருக்கற கணக்கு இல்ல, ஆனா இதே குடும்பத்துத் தப்புதான், அதனால சேத்துக்கறேன். ஒரு கோட்டுல +4 நானோகூலூமும் −1 நானோகூலூமும் 6 செ.மீ. இடைவெளியில இருக்கு, எங்க ஃபீல்டு பூஜ்யம்? +4-லேர்ந்து x தூரம்னு வெச்சு ரெண்டு அளவையும் சமமாக்கினா,

```
4/x² = 1/(x - 6)²
x = 4  அல்லது  x = 12
```

குவாட்ரடிக் ரெண்டு விடை தருது, பசங்க 4-ஐ எடுப்பாங்க, நடுவுல இருக்கறதுதான நியாயமா தெரியுது. அங்க ஒரு பாசிட்டிவ் சார்ஜை வெச்சுப் பாருங்க, +4 வலது பக்கம் தள்ளுது, −1 வலது பக்கம் இழுக்குது, ரெண்டும் சேந்து ஒரே பக்கம், பூஜ்யம் எப்படி வரும், ரெண்டு மடங்குதான் ஆகும். அளவு சமம்னு மட்டும்தான் நாம சமன்பாட்டுல எழுதினோம், திசை எதிரெதிரா இருக்கணும்னு எழுதவே இல்ல, வர்க்கம் பண்றப்ப அந்தத் தகவல் காணாமப் போச்சு. 12 செ.மீ.தான் விடை, சின்ன சார்ஜைத் தாண்டி வெளிய. அங்க +4 வலது தள்ளுது, −1 இடது இழுக்குது, பெரிய சார்ஜ் ரெண்டு மடங்கு தூரத்துல இருக்கறதால நாலு மடங்கு பலம் சமமாயிடுது. எப்பவும் முதல்ல கோட்டை மூணு பகுதியா பிரிச்சு, எந்தப் பகுதியில அம்புங்க எதிரெதிரா இருக்குன்னு பாத்துட்டு அப்புறம்தான் சமன்பாடு.

கணக்கெல்லாம் சரி, லேப்ல அளந்தா ஒத்து வரல

இந்த அறிகுறியோட வர்றவங்க கம்மி, ஆனா வந்தா எனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்க தப்பு உங்களோடது இல்ல, "புள்ளி சார்ஜ்"ங்கற வார்த்தையோடது.

கூலூம் 1785-ல முறுக்குத் தராசு வெச்சு இதை அளந்தார். மெல்லிசான கம்பியில ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, குச்சி முனையில ஒரு குட்டி உருண்டை, அதுக்குப் பக்கத்துல நிலையா இன்னொரு உருண்டை, ரெண்டுக்கும் ஒரே வகை சார்ஜ். கம்பி எவ்வளவு முறுக்குதோ அதான் ஃபோர்ஸோட அளவு. உருண்டைங்க 36 டிகிரி தள்ளி நின்னப்ப முறுக்கு 36. 18 டிகிரிக்குக் கிட்ட கொண்டு வர 144 தேவைப்பட்டுது, தூரம் பாதி, ஃபோர்ஸ் சரியா நாலு மடங்கு. மூணாவது தடவை மொத்த முறுக்கு 575.5, அது ஆரம்பத்தைவிட பதினாறு மடங்கு, அப்ப உருண்டைங்க 9 டிகிரியில நின்னிருக்கணும், ஆனா 8.5-ல நின்னுது. கொஞ்சம் கிட்ட வந்துடுச்சு. சார்ஜ் காத்துலயும் பிடிமானம் வழியாவும் கொஞ்சம் கொஞ்சமா கசியும், கசிஞ்சா தள்ற பலம் குறையும், அதே முறுக்குக்கு உருண்டைங்க இன்னும் நெருங்கிடும், 8.5 அந்தப் பக்கம்தான் கைகாட்டுது.

உங்க லேப்லயும் அதேதான் முதல் சந்தேகம். சோதிக்கறதுக்கு வழி, தூரத்தைக் குறைச்சுக்கிட்டே போயி அளந்துட்டு, கடைசியில மறுபடி முதல் தூரத்துக்கே வந்து ஒருவாட்டி அளக்கறது. முதல்ல வந்த அளவைவிட கம்மியா வந்தா நடுவுல சார்ஜ் கசிஞ்சிருக்கு, எவ்வளவுன்னும் தெரிஞ்சுடும். மழைக்காலத்துல, ஈரப்பதம் அதிகமா இருக்கற நாள்ல இந்தச் சோதனையை எடுத்தா உருண்டையைத் தாங்கற பிளாஸ்டிக் மேலயே ஈரம் படிஞ்சு சார்ஜ் நிமிஷத்துல ஓடிடும்.

முதல் தூரத்துக்கு வந்தா அதே அளவு வருது, ஆனா கிட்ட வந்தப்ப மட்டும் ஃபார்முலாவைவிட கம்மியா காட்டுதுன்னா அது கசிவு இல்ல. உருண்டை உலோகமா, இல்ல மேல உலோகப் பூச்சு இருக்கான்னு பாருங்க. உலோகத்துல சார்ஜ் நகரும், ஒரே சார்ஜ் உள்ள ரெண்டு சமமான உருண்டையை நெருக்கி வெச்சா சார்ஜுங்க ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு பின்பக்கமா ஒதுங்கிடும், அதனால உண்மையான இடைவெளி மையத்துக்கு மையம் அளந்ததைவிட அதிகமாயிடுது, ஃபோர்ஸ் குறையுது. எதிர் எதிர் சார்ஜா இருந்தா முன்பக்கம் கூடி நிக்கும், ஃபோர்ஸ் கூடும். வெக்டர் கூட்டல் இங்கயும் பொய்யாகல, ஒவ்வொரு துளி சார்ஜுக்கும் அது உண்மைதான், நாம மையத்துல இருக்குன்னு நினைச்ச சார்ஜ் அங்க இல்ல, அவ்வளவுதான். மூணு உலோக உருண்டையை செவ்வக மூலையில வெச்சு நம்ம கணக்கைச் சோதிக்கணும்னா, உருண்டையோட விட்டம் இடைவெளியைவிட நல்லா சின்னதா இருக்கணும். 3 செ.மீ. தூரத்துல 2 செ.மீ. உருண்டையை வெச்சுட்டு 10,668 எங்கன்னு தேடக்கூடாது, செவ்வகத்தை 40 செ.மீ.க்கு 30 செ.மீ.ன்னு பெருசாக்குங்க. அப்ப விடை நூறுல ஒரு பங்காகி 107 பக்கம் வரும், கோணம் அதே 59.6.